ஆயாவுக்கு எந்தச் சேலை? போட்டோவைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

முகூர்த்த மாதங்களில் சேலத்தில் இருக்கும் என் தையல் கடைக்குத் துணியோடு வருகிறவர்களைவிட செல்போனோடு வருகிறவர்கள் அதிகம். "அக்கா, ஆயாவுக்கு இந்தச் சேலை எடுக்கலாம்னு இருக்கோம், நல்லா இருக்குமா பாருங்க" என்று ஒரு போட்டோவை நீட்டுவார்கள். ஆயா ஆத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பார், பேத்தி பெங்களூரில் இருப்பாள், சேலை இன்னும் கடை அலமாரியில் இருக்கும். மூன்றையும் ஒரு இடத்தில் சேர்த்துப் பார்க்க நேரமில்லாததால் போட்டோவை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதில் தப்பில்லை. எந்தப் போட்டோவை எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பெரும்பாலும் நான்கு சேலைகளுக்கு நடுவில்தான் குழப்பம் வரும். பீரோவில் இருக்கும் பழைய காஞ்சிப் பட்டு, புதிதாக எடுக்கும் சாஃப்ட் சில்க், சில்க் காட்டன், அப்புறம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுக்கும் செட் சேலை. இந்த நான்கையும் வசதி, அடக்கம், வீட்டாரோடு நிறப் பொருத்தம் என்ற மூன்றை வைத்து அலசலாம்.

## மூன்று அளவுகோல், மூன்று போட்டோ

எல்லோரும் அனுப்புவது ஆயா நேராக நிற்கும் போட்டோ. அதில் எந்தச் சேலையும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாணத்தில் ஆயா நிற்கப்போவது கொஞ்ச நேரம். மீதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எழுவார், கையைத் தூக்கி அட்சதை போடுவார், குனிந்து விளக்கேற்றுவார். அதனால் நிற்கும் போட்டோவை ஓரமாக வைத்துவிட்டு வேறு மூன்று கேளுங்கள்.

வசதிக்கு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த போட்டோ. இதில் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கைகளையும் பாருங்கள். ஒரு கை கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் சேலை கனமாக இருக்கிறது, அல்லது தரையில் புரள்கிறது. ஒரு கை முந்தியை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தால் துணி வழுக்குகிறது, அல்லது ஜாக்கெட்டின் கழுத்து அவருக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தால் அந்தச் சேலை தேறிவிட்டது. பாதத்தைப் பார்க்க மட்டும் அந்த நிற்கும் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு போட்டு நிற்கும்போது சேலைக் கரை தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். வயதானவர்கள் மண்டபப் படியில் தடுக்கி விழுவது பெரும்பாலும் முன்கொசுவத்தை மிதித்துத்தான்.

அடக்கத்துக்கு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி எடுத்த போட்டோ, பக்கவாட்டிலிருந்து. அடக்கம் என்றால் உங்கள் கண்ணுக்குப் படுவது அல்ல, ஆயாவின் மனசுக்குப் படுவது. முந்தியை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் சொருகியே பழகியவருக்கு, ஒற்றை மடிப்பாக முந்தியைத் தோளில் பின் குத்தித் தொங்கவிட்டால் உடம்பே கூசும். கை தூக்கிய போட்டோவில் இடுப்பு எவ்வளவு தெரிகிறது, ஜாக்கெட் மேலே ஏறுகிறதா, முதுகுக் கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இங்கே சேலையைவிட ஜாக்கெட்டுக்குத்தான் பங்கு அதிகம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நிறத்துக்கு, ஆயா இல்லாத போட்டோ. கல்யாணப் பெண்ணின் முகூர்த்தச் சேலை, அம்மாவின் சேலை, ஆயாவுக்கு யோசிக்கும் சேலை மூன்றையும் ஜன்னல் ஓரத்தில் கட்டில்மேல் பக்கம் பக்கமாக விரித்து, ஒரு மூலையில் அப்பாவின் வெள்ளை வேட்டியையும் வைத்து, ஒரே படமாக எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக எடுத்த படங்களை ஒப்பிடவே கூடாது. செல்போன் கேமரா, சட்டகத்தில் எந்த நிறம் அதிகமோ அதைப் பார்த்துத் தானாக நிறத்தைச் சரிக்கட்டும். சேலை மட்டுமே படத்தை நிறைத்தால் அரக்கு ஒரு போட்டோவில் செங்கல் மாதிரியும் இன்னொன்றில் காப்பிப்பொடி மாதிரியும் விழும். வேட்டி பக்கத்தில் இருந்தால், அது வெள்ளையாகத் தெரிகிறதா, மஞ்சளடித்திருக்கிறதா என்று பார்த்து மற்ற நிறங்களை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போடலாம். கடைக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த போட்டோவில் சந்தன நிறம் தங்கமாகவும் நீலம் மங்கலாகவும் தெரியும், அதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக நெய்த மயில்கழுத்து போன்ற சேலை என்றால், இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு படம் வேண்டும்.

அந்தப் படத்தை செல்போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். ஆயாவின் சேலையும் பக்கத்தில் நிற்கப்போகிறவரின் சேலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், குடும்பப் போட்டோவில் இருவரும் ஒரே துணிக்குவியலாகப் போய்விடுவார்கள்.

## ஜாக்கெட் ஒரு தனிக் கணக்கு

நான்கு சேலைக்கும் இது பொது. எழுபது வயதுக்கு மேல் பலருக்குத் தோள்பட்டை இறுகிப்போயிருக்கும், கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. அதனால் முன்கொக்கிதான். கைக்குழியை வழக்கத்தைவிட அரை இஞ்ச் தாராளமாக வெட்ட வேண்டும், முழங்கை வரை கை, முதுகுக் கழுத்து இறக்கம் குறைவு, லைனிங் பருத்தி. உயரம் ஒரு இஞ்ச் கூட வைத்தால் கை தூக்கும்போது இடுப்பு தெரியாது.

சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் இருக்கும். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்கு முழங்கை வரை கை வைக்க இது பற்றாது. கடைசி நேரத்தில் கையைக் குட்டையாக்கி ஒப்பேற்றுவார்கள், ஆயா கல்யாணம் முழுக்க முந்தியை இழுத்து இழுத்துக் கையை மூடிக்கொண்டே இருப்பார். அதற்குப் பதில் கரை நிறத்தில் ஒரு மீட்டர் துணி தனியாக எடுத்துவிடுங்கள்.

## பழைய காஞ்சிப் பட்டு

மகன் கல்யாணத்துக்கோ மகள் சீமந்தத்துக்கோ எடுத்தது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம், உடம்புக்குப் பழகிய சேலை இது. ஆயா கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார். கனமான பட்டின் முந்தி தன் எடையிலேயே தோளில் நிற்கும், பின் வேண்டியதில்லை. முதுகைச் சுற்றிச் சொருகினால் அசையாது.

கஷ்டமும் அந்த எடைதான். நல்ல ஜரிகைப் பட்டு முக்கால் கிலோவுக்கு மேல், சில சமயம் ஒரு கிலோ வரை வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு அதைச் சுமந்துகொண்டு படியேறுவது சும்மா இல்லை. சேலத்து வைகாசி வெயிலில், மின்விசிறி எட்டாத மேடையில் என்றால் கேட்கவே வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு மடிப்பில் இருக்கிறது. பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். இதைப் போட்டோவில் கண்டுபிடிக்கலாம். காலை வெளிச்சத்தில் சேலையை முழுதாகக் கொடியில் விரித்துப்போட்டு, வெளிச்சம் துணிக்குப் பின்னால் இருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கோட்டில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்த இடம் நைந்துவிட்டது. உட்கார்ந்து எழும்போது கிழியும். கீற்று இல்லையென்றால் பயப்பட வேண்டாம். வெள்ளி ஜரிகை கறுத்திருந்தால் பாலிஷுக்குக் கொடுக்கலாம், ஆனால் முகூர்த்த மாதத்தில் கடைக்காரர் சொன்ன தேதியில் திரும்பி வராது. பாச்சை உருண்டை வாசம் எந்தப் போட்டோவிலும் தெரியாது. இளைப்பு உள்ளவராக இருந்தால் இரண்டு மூன்று நாள் நிழலில் ஆற வைத்த பிறகே கட்ட வேண்டும். பழைய ஜாக்கெட் பத்தாது என்பது அநேகமாக நிச்சயம். தையலுக்குள் துணி விட்டிருந்தால் பிரித்து விடலாம், இல்லையென்றால் புதிது.

## சாஃப்ட் சில்க்

கடையில் இப்போது முதலில் எடுத்துப் போடுவது இதைத்தான். காஞ்சிப் பட்டில் கிட்டத்தட்ட பாதி எடை, மடிப்பு படியும், நிறங்கள் ஏராளம். போட்டோவில் இதைப்போல் அழகாக விழுவது வேறில்லை.

ஆனால் துணி மெலிசு, வழுக்கும். முதுகைச் சுற்றிச் சொருகும் ஆயாவுக்கு முந்தி அரைமணிக்கு ஒருமுறை நழுவும். உடனே யாராவது ஒரு மருமகள் நான்கு இடத்தில் பின் குத்துவாள். அப்புறம் ஆயா பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் கூடப் போக வேண்டும். இதை யாரும் கடையில் யோசிப்பதில்லை. மெல்லிய பட்டில் பின் குத்திய இடம் இழுபட்டால் இழை ஓடும், தோளில் உள்ளே சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்துங்கள்.

இன்னொன்று, வெளிர் நிறமாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும்போது காலின் நிழல் தெரியும். ஃப்ளாஷ் போட்டு முன்னாலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் கேளுங்கள். தெரிந்தால், சேலை நிறத்திலேயே பருத்தி உள்பாவாடை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பளபளக்கும் சாட்டின் உள்பாவாடை வேண்டாம், வழுக்கலோடு வழுக்கல் சேரும்.

தானே கட்டிக்கொள்பவர், பின் குத்திப் பழகியவர், மாலை வரவேற்பில் ஒரு இரண்டு மணி நேரம் உட்காரப்போகிறவர் என்றால் இதுதான் சரி.

## சில்க் காட்டன்

என்னைக் கேட்டால் சேலத்துக் கோடைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்று போகும், வியர்வை வாங்கும், தோளில் நிற்கும், உட்கார்ந்த போட்டோவில் கை இரண்டும் மடியில் கிடக்கும்.

புதுச் சேலையைக் கஞ்சி விறைப்போடு அப்படியே கட்டினால் இடுப்பைச் சுற்றி உப்பிக்கொண்டு நிற்கும். போட்டோவைப் பார்த்து "ஆயா குண்டா தெரியுறாங்க" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு தடவை தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி எடுத்துப் பார்த்தால் வேறு சேலை மாதிரி இருக்கும். அதன் உண்மையான குறை, உட்கார்ந்து எழுந்தால் மடியில் கசங்கல் விழுவது. மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. மற்ற எல்லோரும் பட்டில் நிற்கும்போது "பெரியவங்களுக்கு மட்டும் ஏன் சாதாரணமா எடுத்தீங்க" என்று சம்பந்தி வீட்டில் ஒரு சித்தி கேட்பார். கரை அகலமாக, ஜரிகை கொஞ்சம் தூக்கலாக எடுத்தால் அந்தப் பேச்சு வராது.

## செட் சேலை

வீட்டுப் பெண்கள் எட்டுப் பேருக்கும் ஒரே நிறம். இளம்பிள்ளைப் பக்கம் போனால் ஒரே டிசைனில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. இளசுகளுக்கு நன்றாக இருக்கும். ஆயாவுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த விலையில் செட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த செயற்கைப் பட்டு. புழுங்கும், ஜரிகை ஓரம் கழுத்தையும் இடுப்பையும் உரசும். அதைவிட முக்கியம் நெருப்பு. ஆரத்தித் தட்டு, குத்துவிளக்கு, ஓமகுண்டம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உட்கார வைக்கப்படுபவர் வீட்டுப் பெரியவர்தான். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். நிறப் பொருத்தம் பார்த்தாலும், எட்டுப் பேர் ஒரே நிறத்தில் நின்றால் ஆயா எங்கே என்று தேட வேண்டியிருக்கும். செட்டோடு சேர்க்க வேண்டுமென்றால் அந்த நிறத்தைக் கரையில் கொண்ட சில்க் காட்டன் ஒன்றை ஆயாவுக்கு எடுங்கள், போதும்.

போட்டோவில் மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னினால் செயற்கை இழையாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

| சேலை | வசதி | அடக்கம் | நிறப் பொருத்தம் | மறைந்த செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|---|
| பழைய காஞ்சிப் பட்டு | கனம், ஆனால் நழுவாது | மிக நன்று | பழைய நிறங்கள் அடங்கித் தெரியும் | பாலிஷ், புது ஜாக்கெட், மடிப்பு விடும் பயம் | குளிர், உட்கார்ந்தே இருக்கும் முகூர்த்தம் |
| சாஃப்ட் சில்க் | லேசு, வழுக்கும் | பின்னும் பருத்தி உள்பாவாடையும் வேண்டும் | தேர்வு அதிகம் | கூடவே ஒரு ஆள் | மாலை வரவேற்பு |
| சில்க் காட்டன் | வெயிலுக்கு முதலிடம் | நன்று | கரையை வைத்துச் சேர்க்க வேண்டும் | கசங்கல், ஊர்ப் பேச்சு | சேலத்துக் கோடை, மதியம் வரை நீளும் விசேஷம் |
| செட் சேலை | புழுங்கும் | வழுக்கலைப் பொறுத்தது | எல்லோரோடும் கலந்துவிடும் | தீ ஆபத்து | ஆயாவுக்கு வேண்டாம் |

## ஏற்காட்டுக் கல்யாணம் ஒன்று

போன தை மாதம் வந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆயாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, வலது தோள் முழுதாகத் தூக்க வராது. பேத்தி கல்யாணம் ஏற்காட்டில் ஒரு விடுதியில், காலை ஆறு மணிக்கு மேல் முகூர்த்தம், அன்று சாயங்காலம் சேலத்தில் வரவேற்பு. பெண்ணுக்கு அரக்கு, அம்மாவுக்கு மயில்கழுத்து. ஆயாவுக்குப் போட்டியில் இருந்தவை மூன்று: மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பழைய பட்டு, கத்திரிப்பூ நிற சாஃப்ட் சில்க், பாசிப்பச்சை சில்க் காட்டன்.

வீட்டில் எல்லோரும் சாஃப்ட் சில்க் பக்கம். மஞ்சளை ஒதுக்கியதற்கு அவர்கள் காட்டிய போட்டோதான் காரணம். டியூப்லைட்டின் கீழ், பச்சை பெயின்ட் அடித்த சுவருக்கு முன்னால் எடுத்தது. அதில் மஞ்சள் கண்ணைக் குத்தியது. ஆயாவும் "எனக்கு எதுக்கு கண்ணு இப்படிப் பளிச்சுனு, பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டாராம். அடக்கம் என்ற அளவுகோலில் மஞ்சள் அங்கேயே தோற்றுவிட்டது.

ஜன்னல் ஓரத்தில் வேட்டியோடு மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் அது மஞ்சளே இல்லை. வருஷக்கணக்கில் அடங்கிப்போய், காய்ந்த மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறத்தில் இருந்தது. அதன் அரக்குக் கரை பெண்ணின் சேலையோடு அப்படியே சேர்ந்தது. மயில்கழுத்துக்குப் பக்கத்தில் தனியாகவும் தெரிந்தது. கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோது கத்திரிப்பூவும் மயில்கழுத்தும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன, மஞ்சள் மட்டும் வெளுப்பாக நின்றது. அந்தப் படத்தை ஆயாவிடம் காட்டியதும் அவர் சொன்னது, "இது நம்ம பழைய சேலைதானே, இதுக்கு என்ன."

வசதிக் கணக்கு மலையால் மாறியது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தை மாத விடியலில் அங்கே சேலத்துக்காரர்களுக்கு நடுக்கம் எடுக்கும். அந்தக் குளிரில் சில்க் காட்டன் நிற்காது, சாஃப்ட் சில்க்கும் காற்றுக்குப் பறக்கும். கனமான பட்டு அங்கே சுமை அல்ல, போர்வை. முகூர்த்தம் ஒரு மணி நேரம், அதில் முக்கால்வாசி உட்கார்ந்தே. மேடைக்கு நான்கு படி; கை பிடித்து ஏற்ற ஒரு பேரனை நிறுத்தினார்கள்.

மலைக் கல்யாணத்தில் பலர் விட்டுவிடும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆயா அங்கே சேலையோடு மட்டும் உட்காரப்போவதில்லை. விடிகாலையில் யாரோ ஒரு பேரன் தன் நீல ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டுவிடுவான், ஆல்பம் முழுக்க அந்த ஸ்வெட்டர்தான் இருக்கும். அதனால் சால்வையும் சேர்ந்துதான் உடை. சால்வையோடு உட்கார்ந்த போட்டோ ஒன்று கேட்டேன். வந்ததில் பச்சைக் கட்டம் போட்ட சால்வை, மஞ்சளோடு சண்டை பிடித்தது. வெளிர் சந்தன நிறத்தில் கம்பளிச் சால்வை ஒன்று மாற்றினார்கள். அது அரக்கு, மயில்கழுத்து, வேட்டி எல்லாவற்றுக்கும் ஒத்துப்போனது. ஜாக்கெட் அரக்கில், முழங்கை தாண்டி இரண்டு இஞ்ச் கை, முன்கொக்கி, வலது கைக்குழி மட்டும் இன்னும் கால் இஞ்ச் அகலம். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட இடம் விட்டுத் தைத்தேன்.

சேலை கட்டும் நேரமும் சேர்த்துத்தான் முடிவு. சேலத்திலிருந்து ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. பட்டைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினால், வயிற்றைப் புரட்டும்போது கொசுவம் இறுக்கும், வாந்தி வந்தால் சேலையும் போச்சு. முதல் நாளே மலையேறி, சாதாரண பருத்திச் சேலையில் தூங்கி, விடியலில் பட்டு கட்டினார். இறங்கும்போதும் பட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பருத்திதான். சாயங்கால வரவேற்புக்குக் கத்திரிப்பூ சாஃப்ட் சில்க். தோளில் இரண்டு பின் மட்டும், முந்தியை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்ளும்படி கட்டிவிட்டார்கள்.

இதே கல்யாணம் வைகாசியில் சேலத்து மண்டபத்தில் என்றால் நான் பாசிப்பச்சை சில்க் காட்டனைத்தான் சொல்லியிருப்பேன். பட்டை மாலை மாற்றும் நேரத்துக்கு மட்டும் கட்டிக்கொண்டு உடனே மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். தோள் இறுகிய ஒருவருக்கு ஒரே காலையில் இரண்டு தடவை சேலை மாற்றுவது, ஒரு கிலோ பட்டோடு மூன்று மணி நேரம் உட்காருவதைவிடக் கஷ்டம்.

தாத்தாவுக்குக் கவலை குறைவு. சேலம் வெண்பட்டு வேட்டி நம் ஊர்ச் சரக்கு, எந்த நிறத்தோடும் சேரும். ஆனால் வழுக்கும். இடுப்பில் கயிறோ பெல்ட்டோ கட்டிக்கொள்வாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வெல்க்ரோ வைத்த பருத்தி வேட்டியும் பட்டு அங்கவஸ்திரமும். உட்கார்ந்து எழும் ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொன்னால் வேட்டி நிற்குமா நிற்காதா என்று உடனே தெரிந்துவிடும்.